அந்தப் பைக்குள் இருந்தது மணல் அல்ல

கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு தகரப் பேணி எப்போதும் இருக்கும். அதற்குள் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள். அப்பா கொட்டியாரக் குடாவில் மீன் பிடித்தவர். கிழிந்த வலையை விரித்து வைத்துக்கொண்டு அவர் கையை நீட்டுவார். நான் ஒவ்வொரு குண்டாக எடுத்துக் கொடுப்பேன். சின்னதாக, சாம்பல் நிறத்தில், கைக்குக் கனமாக ஓர் உருண்டை இருந்தால் அது ஈயம் என்பது அப்போதே என் மனதில் பதிந்துபோனது. முப்பது வருடங்களுக்குப் பிறகு ஓர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அந்தப் பதிவு என்னை ஏமாற்றியது. அன்று ஒரு மனிதரின் கால் உடைந்திருக்கலாம். உடையவில்லை. உடையவில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் கதிர்ப்படப் பிரிவில் வேலை செய்பவன். எக்ஸ்ரேயில் தொடங்கி, சி.டி.க்குப் போய், பிறகு எம்.ஆர்.ஐ.க்கு வந்தேன். சம்பவம் நடந்த வைத்தியசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே நடந்தது எந்த வைத்தியசாலையிலும் நடக்கக்கூடியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். முழங்கால் ஸ்கானுக்காக ஓர் ஐயா வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். காலில் ஓயாத நடுக்கம். முழங்காலை எடுப்பதென்றால் நோயாளியின் கால்தான் முதலில் காந்தக் குழாய்க்குள் போகும். தலை வெளியே இருக்கும். கால் ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஸ்பொஞ்ச் துண்டுகளைச் செருகினேன், பட்டியால் இறுக்கினேன். அப்படியும் கணுக்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "தம்பி, எக்ஸ்ரே ரூமில இருக்கிற மணல் பை ஒண்டை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று உதவியாளரிடம் சொன்னேன். ஆம், சொன்னது நான்தான்.

மணல் பை எங்கள் தொழிலில் பழைய சாமான். நீல ரெக்சின் உறைக்குள் மணலை நிரப்பித் தைத்திருப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது கையோ காலோ ஆடாமலிருக்க அதை மேலே வைப்போம். மணலைக் காந்தம் இழுக்காது. எம்.ஆர்.ஐ. அறையிலும் முன்பு பலமுறை அதைப் பாவித்திருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை.

தம்பி பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பையில் சாவி இல்லை, போன் இல்லை, பெல்ட் இல்லை. வாசலில் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டுத்தான் அவரை விட்டிருந்தோம். கட்டிலின் தலைமாட்டைக் கடந்தார், என் பக்கமாக வந்தார், ஐயாவின் கணுக்காலில் வைப்பதற்காகப் பையை இரண்டு கைகளாலும் முன்னே நீட்டினார். அடுத்த கணம் அவருடைய கைகள் வெறுமையாக இருந்தன. பை ஐயாவின் பாதத்துக்கு மேலால் ஒரு சாண் உயரத்தில் போய், காந்தக் குழாயின் வாய் விளிம்பில் "டம்" என்று அடித்து ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தின் வெள்ளை உறையில் ஒரு வெடிப்பு விழுந்தது.

"என்ன தம்பி சத்தம்?" என்று கேட்டார் ஐயா. படுத்திருந்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் வாசலிலேயே இழுக்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். எங்களுடையது 1.5 டெஸ்லா காந்தம். திசைகாட்டியின் ஊசியைத் திருப்புகிற பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். ஆனால் ஓர் இரும்புத் துண்டை இழுக்கும் விசை புலத்தின் வலிமையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த வலிமை ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதையும் பொறுத்தது. இன்றைய இயந்திரங்களில் புலம் வெளியே பரவாதபடி எதிர்ச் சுருள்களைச் சுற்றி அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் அறையைச் சின்னதாகக் கட்டலாம். ஆனால் அடக்கி வைத்த புலம் குழாயின் வாயருகே சுவர் ஏறுவதுபோல ஏறுகிறது. வாசலில் ஒன்றும் தெரியாது. கட்டிலின் நடுவில் லேசாக ஒரு சுண்டல், அதையும் பையின் கனம் என்றே கை நினைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு கை நீளம் போனால் அந்தப் பொருள் தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு விசையோடு இழுபடும். எந்த மனிதனாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. எச்சரிக்கை கிடைப்பதற்கும் கை வெறுமையாவதற்கும் இடையில் இருப்பது ஓர் அடிதான்.

தம்பி பதறிப்போய்ப் பையைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார். நான் அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தினேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒட்டிய பொருளைக் கையால் பிடுங்கப் போனால், அது பாதி கழன்று மறுபடி பாயும். அப்போது இடையில் அகப்படுவது விரல்கள். முதல் வேலை நோயாளியை வெளியே எடுப்பது. கட்டில் பலகையைப் பின்னுக்கு இழுத்து, ஐயாவை எழுப்பி, அந்த அறைக்கென்றே இருக்கும் காந்தம் இழுக்காத சக்கர நாற்காலியில் இருத்தி வெளியே கொண்டுவந்தோம். இரண்டாவது, எல்லோரும் வெளியேறிக் கதவைப் பூட்டுவது. பிறகு வெளியே பெஞ்சில் இருந்து ஐயாவின் இரண்டு கால்களையும் விரல் விரலாகப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"ஏன் சேர், ஓஃப் பண்ண ஏலாதா?" என்று வார்டிலிருந்து ஓடிவந்த மிஸ் கேட்டார். ஏலாது. எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு மின்விளக்குப் போல ஒரு சுவிட்ச் இல்லை. நயோபியம் - டைட்டானியம் கம்பிச் சுருள் ஒன்று, திரவ ஹீலியத்துக்குள், மைனஸ் 269 பாகை குளிரில் அமிழ்ந்து கிடக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லை. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும். இரவு எல்லோரும் வீட்டுக்குப் போனபின்னும் காந்தம் வேலை செய்யும். ஊரே கரண்ட் இல்லாமல் இருண்டு கிடந்தாலும் வேலை செய்யும். கணினித் திரை கறுத்திருப்பதைப் பார்த்து "மெஷின் ஓஃப்" என்று சொல்பவர் திரையைப் பற்றித்தான் சொல்கிறார். காந்தத்தைப் பற்றி அல்ல.

சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுருள் சூடேறும், ஹீலியம் கொதித்து ஆவியாகிப் புகைக்குழாய் வழியே கூரைக்கு மேலே போகும், ஓரிரு நிமிடத்துக்குள் புலம் விழுந்துவிடும். ஒரு லீற்றர் திரவ ஹீலியம் ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாக விரியும். குழாயில் எங்காவது அடைப்பு இருந்தால் அந்த வாயு அறைக்குள் நிறைந்து, மூச்சுவிடும் ஒட்சிசனைத் தள்ளிவிடும். மனிதர் ஒருவர் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையில் நசிபட்டுக் கிடந்தால் அந்தப் பொத்தானை யோசிக்காமல் அழுத்த வேண்டும். ஒரு பை மட்டும் ஒட்டியிருந்தால் அழுத்தக் கூடாது. நாங்கள் அழுத்தவில்லை. கம்பனிப் பொறியியலாளருக்கு அழைப்பு எடுத்தோம்.

அவர் மறுநாள் காலை வந்தார். மின்னோட்டத்தை மெல்ல மெல்ல இறக்கப் பல மணி நேரம் எடுத்தது. கடைசியில் பை தானாகவே சரிந்து கட்டிலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தையல் பிரிந்து, உள்ளேயிருந்தது சிந்தியது. மணல் இல்லை. குறுமிளகை விடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், நூற்றுக்கணக்கான உருண்டைகள்.

"ஈயம்" என்றேன். ஈயத்தையும் காந்தம் இழுக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அப்படித்தான் என் வாயில் வந்தது. பொறியியலாளர் ஒன்றும் பேசாமல் தன் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் காந்தத்தை அவற்றின் மேலே பிடித்தார். உருண்டைகள் எறும்பு மொய்ப்பதுபோல அதில் ஏறின. உருக்குக் குண்டுகள்.

எக்ஸ்ரே அறைக்குப் போய் எல்லாப் பைகளையும் அள்ளி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய பைகளில் மணல்தான் இருந்தது. புதிதாக வாங்கியவற்றில் உருக்குக் குண்டு. அதே நீலம், அதே தையல், அதே அளவு. கனம் மட்டும் கூட. உள்ளே என்ன இருக்கிறது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. குண்டு நிரப்பிய பை சின்ன இடத்தில் கூடுதல் பாரம் தரும், மணல்போல ஒழுகித் தூசி பறக்காது. எக்ஸ்ரேக்கு அது நல்ல பைதான். பெயர் மட்டும் பழைய பெயராகவே இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் நம்பினோம்.

வேலை அத்தோடு முடியவில்லை. புலத்தை மறுபடி ஏற்றி, நோயாளிக்குப் பதிலாக நீர் நிரப்பிய சோதனை உருளையை வைத்துப் படம் எடுத்தோம். சரியான வட்டமாக வரவேண்டிய படம் ஒரு பக்கம் யாரோ கடித்ததுபோல நெளிந்து, கறுத்து வந்தது. இது தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளம். நோயாளி மாறினாலும் உருளை மாறினாலும் கறை அதே இடத்தில் நின்றால், இரும்பு இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டில் பலகையைக் கழற்றி, அது ஓடும் தண்டவாளத்தின் இடுக்கை டோர்ச் அடித்துத் தேடினோம். ஒரே ஓர் உருண்டை அகப்பட்டது. அதை எடுத்த பிறகுதான் வட்டம் வட்டமாக வந்தது. அந்த உருண்டையை மருந்து போடும் கடதாசி உறையில் இட்டு வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாட்கள் ஸ்கான் நின்றது. தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அப்போதுதான் அறிக்கை எழுதுவதா இல்லையா என்ற பேச்சு வந்தது. "ஒருத்தருக்கும் அடிபடேல்லைத்தானே, உறை வெடிச்சதை மட்டும் எழுதுவம்" என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம்பியின் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தார்கள். தம்பி ஒரு மூலையில் அழுதபடி நின்றார்.

நான் முதலில் எழுதிய அறிக்கை நாலு வரி. "உதவியாளரின் கவனயீனத்தால்" என்று அதில் எழுதியிருந்தேன். எங்கள் கதிரியக்க வைத்தியர் அதை வாசித்துவிட்டு அந்தச் சொல்லின் மேலே விரலை வைத்தார். "அந்தப் பிள்ளை எந்த இடத்தில கவனம் இல்லாம இருந்தவர்? சொல்லுங்கோ" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. கேட்ட பொருளை எடுத்தார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், காட்டிய இடத்துக்கு வந்தார். கவனமாகத்தான் செய்தார். வெட்கத்தோடு அந்தக் கடதாசியைக் கிழித்தேன்.

இரண்டாவது அறிக்கையை எழுத மூன்று மணி நேரம் எடுத்தது. பை எங்கிருந்து வந்தது, எப்போது வாங்கப்பட்டது, உள்ளடக்கம் ஏன் எழுதப்படவில்லை, எம்.ஆர்.ஐ. அறைக்கென்று தனிப் பை ஏன் இல்லை, வாசலில் மனிதரைச் சோதித்த நாங்கள் அவர் கையில் இருந்த பொருளை ஏன் சோதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கேட்டு வாங்கியது நான் என்றும் எழுதினேன். மேலே, சம்பவத்தின் வகை என்ற இடத்தில், "நியர் மிஸ்: நோயாளிக்குப் பாதிப்பு இல்லை" என்று குறித்தேன்.

எழுதும்போது என் மனதில் மும்பை இருந்தது. 2018 ஜனவரி 27 அன்று அங்குள்ள நாயர் வைத்தியசாலையில், உறவினரை ஸ்கானுக்குக் கொண்டுவந்த 32 வயது இளைஞர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். மெஷின் ஓஃப், உள்ளே போகலாம் என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தினர் கூறினார்கள். சிலிண்டர் அவரையும் சேர்த்து இழுத்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அதற்கு மூன்று வருடத்துக்குச் சற்று மேல் முன்பு, 2014 நவம்பரில், நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் நிலையத்தில் இதேபோல ஒரு சிலிண்டர் இழுபட்டு, இரண்டு ஊழியர்கள் இயந்திரத்தோடு நசிபட்டு ஏறத்தாழ நாலு மணி நேரம் கிடந்தார்கள். காந்தத்தை வீழ்த்தும் பொத்தான் அன்று வேலை செய்யவில்லை. உயிர் தப்பினாலும் இருவரும் பலத்த காயப்பட்டார்கள்.

2001இல் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்து வைத்தியசாலை ஒன்றில், ஆறு வயதுப் பையன் ஸ்கானில் படுத்திருந்தபோது அவனுக்கு உதவுவதற்காகவே கொண்டுவந்த சிலிண்டர் அவன் தலையில் அடித்து அவன் இறந்தான். எம்.ஆர்.ஐ. பகுதியை நாலு வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாசலிலும் சோதித்து விடும் முறையை அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி அதற்கு அடுத்த ஆண்டு வெளியிட்டது. இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். ஒரு பிள்ளை போன பிறகு வந்த பாடம் அது. எங்கள் பை ஒரு சாண் உயரத்தில் போனதால், அந்த விலை கொடுக்காமலே படிக்க எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அறிக்கையை எழுதாமல் விட்டிருந்தால், அதே பைகள் எக்ஸ்ரே அறையிலேயே இருந்திருக்கும். அடுத்த முறை அது ஒரு சாண் கீழே போயிருக்கலாம்.

அறிக்கைக்குப் பிறகு செய்த மாற்றங்கள் சின்னவை. எம்.ஆர்.ஐ. அறைக்கென்று மணல் பைகள் இரண்டைத் தனியாகத் தைப்பித்து, பச்சைத் துணியால் மூடி, உள்ளேயே வைத்துக்கொண்டோம். உருக்குப் பைகளில் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் அடித்தோம். வாசலில் ஒரு வலுவான கைக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், அதன் பெயர் எதுவானாலும், முதலில் அந்தக் காந்தத்தில் காட்ட வேண்டும். கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் வாசலில் நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது.

கைக் காந்தத்துக்கும் எல்லை உண்டு. தடித்த உறைக்குள் ஆழத்தில் கிடக்கும் சின்ன இரும்பை அது உணராமல் விடலாம். அதனால் ஒரு பக்கம் மட்டும் தொட்டுப் பார்க்காமல், பொருளைத் திருப்பித் திருப்பி, மூலைகளையும் தையல்களையும் தடவிப் பார்க்க வேண்டும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்ற பெயரையும் நம்பக் கூடாது. அதில் இழுபடாத வகையும் உண்டு, நன்றாக இழுபடும் வகையும் உண்டு. ஒரே தட்டில் இருக்கும் இரண்டு கத்தரிக்கோல்களில் ஒன்று சும்மா கிடக்க, மற்றது துள்ளி ஒட்டிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். உடம்புக்குள் இருக்கும் இதயமுடுக்கி, கிளிப் போன்றவற்றுக்குக் கைக் காந்தம் பதிலே ஆகாது. அதற்கு நோயாளியின் பழைய குறிப்புத்தான் வேண்டும்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் கடதாசி உறையையும் கொண்டுபோனேன். அப்பாவுக்கு இப்போது கடலுக்குப் போக ஏலாது. விறாந்தைக் கதிரையில்தான் இருப்பார். உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்து, "இது என்னப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கி விளக்கடியில் பார்க்கவில்லை, கனத்தையும் மதிக்கவில்லை. பெருவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்திக் கீறினார்.

"இது ஈயமில்ல மகன். ஈயமெண்டா நகத்துக்கு மசியும்."

தகரப் பேணியிலிருந்து ஒரு குண்டை எடுத்து அதையும் கீறிக் காட்டினார். ஈயத்தில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. வாழ்நாள் முழுவதும் ஈயத்தோடு புழங்கிய மனிதர், அப்படியிருந்தும் பார்வையை நம்பாமல் நகத்தால் கேட்டார். நான் அதே பேணியிலிருந்து எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன், பார்த்த உடனே பெயர் சொன்னேன்.

அந்த உருண்டை இப்போது எங்கள் எம்.ஆர்.ஐ. வாசலில், கைக் காந்தத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "இது என்ன?" என்று கேட்கிறோம். பெரும்பாலானோர் ஈயம் என்கிறார்கள். அன்று பையைக் கொண்டுவந்த தம்பிதான் அவர்களுக்குக் காந்தத்தை எடுத்துக் காட்டுகிறார்.

உங்கள் வீட்டில் ஒருவரை நாளை எம்.ஆர்.ஐ.க்குக் கூட்டிப்போக நேரலாம். வாசலில் நிற்பவர் உங்களை நிறுத்தி, தாலிக்கொடியில் கோத்த ஊக்கு, அரைஞாணில் கட்டிய தாயத்து, கொண்டைக்குள் செருகிய கிளிப் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நேரம் போகிறதே என்று சலிக்காதீர்கள். யாராவது "மெஷின் ஓஃப், உள்ள வாங்கோ" என்று சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், கையில் எதையும் வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அந்தக் காந்தம் இரவும் பகலும் ஓய்வதில்லை.